31-ஆம் தேதி வராத மாதங்கள்

ஒரு சிக்கன நாணயச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி இரவில் உறுப்பினர்களின் வட்டியைக் கணக்கிட்டு அறிக்கை தயாரிக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம் என்று ஒரு ஜூலை மாதத்தில் முடிவெடுக்கிறார்கள். மாதத்தின் கடைசி நாள் 31 என்பதால் அந்தத் தேதியையே குறித்து வைக்கிறார்கள். ஜூலை 31 இரவு வேலை ஒழுங்காக நடக்கிறது. ஆகஸ்ட் 31-லும் நடக்கிறது. இரண்டு மாதம் பார்த்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். செப்டம்பரில் வட்டி ஏறுவதில்லை.

அடுத்தடுத்து 31 நாள் வரும் மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும், பிறகு டிசம்பரும் ஜனவரியும்தான். அந்த நேரத்தில் சோதித்துப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. இந்தப் பிழையின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

லினக்ஸ் கணினிகளில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தொடங்கி வைக்கும் நிரலுக்குக் கிரான் என்று பெயர். இணையதளங்களும் அலுவலகச் சர்வர்களும் காப்புப் பிரதி எடுப்பது, பில் அனுப்புவது போன்ற வேலைகளுக்கு இதைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று முதலில் ஐந்து இடங்கள், அதன்பின் செய்ய வேண்டிய வேலை. நம் சங்கத்தின் வரி இப்படி இருக்கும்:

```
0 23 31 * * /home/sangam/vatti.sh
```

எந்த மாதமானாலும், எந்தக் கிழமையானாலும், 31-ஆம் தேதி இரவு 11 மணிக்கு வேலையைத் தொடங்கு என்பது இதன் பொருள். எழுதியவர் மனதில் இருந்தது 'மாதக் கடைசி'. கிரான் படித்தது '31'. ஒவ்வொரு நிமிடமும் அது இன்றைய தேதியையும் வரியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் அந்த எண் பொருந்தவே பொருந்தாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை நடக்க வேண்டிய வேலை ஏழு முறைதான் நடக்கும். 30 என்று எழுதியிருந்தால் பதினொரு முறை நடக்கும், பிப்ரவரி மட்டும் விடுபடும்.

வேலை தொடங்கிப் பாதியில் நின்றுபோனால் பிழைச் செய்தி வரும், பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்கும். இங்கே வேலை தொடங்கவே இல்லை. கிரானைப் பொறுத்தவரை தவறு எதுவும் நடக்கவில்லை, ஆகவே சொல்வதற்கும் ஒன்றுமில்லை. பதிவேட்டில் தோல்வியைத் தேடினால் கிடைக்காது. வேலை நடந்த தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் ஜனவரி 31-க்குப் பிறகு நேராக மார்ச் 31 வருவது கண்ணில் படும்.

விடுபட்டதன் விளைவு, நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'இந்த மாதத்துக்கு வட்டி போடு' என்று எழுதியிருந்தால் பிப்ரவரி வட்டி யாருக்கும் சேராது. 'சென்ற முறைக்குப் பிறகு நடந்தவற்றை எல்லாம் எடு' என்று எழுதியிருந்தால் மார்ச் அறிக்கையில் இரண்டு மாதக் கணக்கு ஒன்றாகக் கலந்து நிற்கும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கடினம். கூட்டுத்தொகை சரியாக இருக்கும், மாதங்கள்தான் தவறாக இருக்கும்.

குறையைக் கண்டதும் பலர் 31-ஐ எடுத்துவிட்டு 28-31 என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் ஏப்ரலில் மூன்று இரவு, மே மாதத்தில் நான்கு இரவு வட்டி ஏறும். 'நாளைக்கு ஒன்றாம் தேதியா?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த வரி முழுமையாகும்:

```
0 23 28-31 * * [ "$(date -d tomorrow +\%d)" = "01" ] && /home/sangam/vatti.sh
```

28 முதல் 31 வரை ஒவ்வொரு இரவும் கணினி நாளைய தேதியைப் பார்க்கும். அது ஒன்றாக இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்கும். பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்று நாம் யோசிக்க வேண்டியதில்லை, நாட்காட்டி கணினிக்கே தெரியும். சதவீதக் குறிக்கு முன்னால் இருக்கும் சாய்கோட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. கிரான் வரியில் வெறும் சதவீதக் குறி வந்தால் கட்டளை அந்த இடத்தோடு வெட்டுப்பட்டுவிடும். அதே கட்டளையைக் கையால் தட்டிச் சோதித்தால் சரியாக ஓடும் என்பதால், இந்தத் தவறும் எளிதில் பிடிபடாது.

இன்னொரு வகைக் கோளாறு, தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டுவதில் வருகிறது. ஜனவரி 31-இல் சந்தா கட்டியவருக்கு அடுத்த தவணை எப்போது? இல்லாத பிப்ரவரி 31-ஐ ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. பிஎச்பி மொழியில் ஒரு மாதம் கூட்டினால் மிச்ச நாட்கள் வழிந்து மார்ச் 3 வரும், லீப் ஆண்டில் மார்ச் 2. அந்த ஆளுக்குப் பிப்ரவரித் தவணையே இல்லாமல் போய்விடும். மைஎஸ்கியூஎல் தரவுதளம் பிப்ரவரி 28-இல் நிறுத்திக்கொள்ளும். இதுதான் நியாயமான விடை. ஆனால் அடுத்த மாதம் 28-ஓடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 வரும், பிறகு ஏப்ரல் 28. 31-ஆம் தேதிக்காரர் ஒரே பிப்ரவரியில் 28-ஆம் தேதிக்காரராகி, அப்படியே நின்றுவிடுவார். முதல் தேதியை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிட்டால் இந்தச் சரிவு வராது. ஜனவரி 31-ஓடு இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31-தான்.

லீப் ஆண்டு இந்தப் பிழைகளை நீண்ட காலம் ஒளித்து வைக்கும். 29-ஆம் தேதிக்கென்று 2024 ஜனவரியில் குறித்த வேலை அந்த ஆண்டு பிப்ரவரியில் நன்றாகவே நடந்திருக்கும். 2025 பிப்ரவரியில்தான் அது முதல்முறையாக விடுபட்டிருக்கும். பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகக் கணினிச் சேவை முடங்கியது. பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஓராண்டு ஆயுள் தர, அன்றைய தேதியின் ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டியிருந்தார்கள். கிடைத்த தேதி 2013 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் இல்லாததால் சான்றிதழே உருவாகவில்லை.

என்னைக் கேட்டால், மாதக் கணக்கு வேலைகளைக் கடைசி நாளில் வைக்கவே வேண்டாம். ஒன்றாம் தேதி இல்லாத மாதம் கிடையாது. ஒன்றாம் தேதி அதிகாலையில் வேலையைத் தொடங்கி, நேற்று எந்த மாதமோ அந்த மாதத்துக்குக் கணக்குப் போடச் சொன்னால் போதும். கடைசி நாள் முழுதாக முடிந்த பிறகு கணக்கு எடுப்பதால் இரவு 11 மணிக்கு மேல் வந்த வரவும் விடுபடாது. ஏதோ காரணத்தால் ஐந்தாம் தேதி கையால் மறுபடி ஓட்ட நேர்ந்தால் 'நேற்று' என்பதை நம்பாமல், மாதத்தின் பெயரைச் சொல்லியே ஓட்ட வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் சர்வர் இருந்தால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் `crontab -l` என்ற கட்டளையை ஒருமுறை தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது இடத்தைப் பாருங்கள். அங்கே 29, 30, 31 என்று தனியாக ஓர் எண் நின்றால், அடுத்த பிப்ரவரி வருவதற்குள் மாற்றச் சொல்லிவிடுங்கள்.