நாற்பதும் இருபதும் அறுபதல்ல

ஆடித் தள்ளுபடி அட்டையில் ‘40% + 20%’ என்று போட்டிருந்தால், ஏழாம் வகுப்புப் பிள்ளை சட்டென்று 60 என்று சொல்லிவிடும். கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதுதான். நடுவில் அந்தக் கூட்டல் குறி வேறு எதற்கு?

ஒரு சட்டையில் தொங்கும் விலைச்சீட்டில் 1,750 ரூபாய் என்று இருக்கிறது. அதில் 40% கழிந்தால் 1,050. அடுத்த 20% கழிவது இந்த 1,050-இல்தான், பழைய 1,750-இல் அல்ல. 1,050-க்கு 20% என்றால் 210. ஆக, கொடுக்க வேண்டியது 840. அறுபது சதவீதம் என்று நம்பிப் போனவர் 700 ரூபாயோடு நின்றிருப்பார். உண்மையான தள்ளுபடி 52%தான். பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் காட்டலாம்: கழிப்பதை விட்டுவிட்டு மிஞ்சுவதைப் பெருக்குவது. நூற்றுக்கு 60 மிஞ்சுகிறது; அந்த 60-இல் எண்பது சதவீதம் 48. இருபதை முதலில் கழித்து நாற்பதைப் பிறகு கழித்தாலும் அதே 48 வருவதை அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து பில். சீட்டில் உள்ள விலையிலேயே வரி அடக்கம் என்பதால் 840-க்கு மேல் எதுவும் ஏறாது. ஆனால் அந்த 840-க்குள் 5% ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று கேட்டால், பெரியவர்களே 840-க்கு 5% கண்டு 42 என்கிறார்கள். அது தவறு. ஐந்து சதவீதம் என்பது வரிக்கு முந்தைய விலைக்கு. நூறு ரூபாய்ப் பொருளுக்கு வரி ஐந்து, அதாவது விலைக்கும் வரிக்கும் விகிதம் 20 : 1. மொத்தம் 21 பங்கு. 840-ஐ 21-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 40. வரி 40, துணியின் விலை 800. பில்லின் அடியில் மத்திய அரசுக்கு 20, மாநில அரசுக்கு 20 என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். சரிபார்க்க 800-க்கு 5% கண்டு கூட்டினால் போதும், 840 வந்துவிடும். 42-ஐக் கழித்தவருக்கு மிஞ்சுவது 798. அதற்கு 5% கூட்டினால் 837.90தான் வரும், கணக்கு இடறிய இடம் தெரிந்துவிடும்.

விகிதத்துக்கு இன்னொரு நல்ல கணக்கு, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’. மூன்றும் ஒரே விலை என்றால் இரண்டுக்குக் காசு கொடுத்து மூன்றை எடுத்து வருகிறோம், தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கு. ஆனால் விலை குறைந்ததுதான் இலவசம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 900, 900, 600 ரூபாய்ச் சட்டைகளை எடுத்தால் 2,400-இல் கழிவது 600. மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்தது 25% ஆகிவிடுகிறது.