மூதூரைப் பிரிப்பது எப்படி?

‘மூதூர்’ என்பதைப் பிரித்து எழுதச் சொன்னால், ‘மூது + ஊர்’ என்று எழுதிவிடும் மாணவர்கள் உண்டு. காதுக்குச் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ‘மூது’ என்று தனிச்சொல் கிடையாது. பழமையைச் சுட்டும் பண்புப்பெயர் ‘முதுமை’. ஆகவே விடை: முதுமை + ஊர்.

இந்த இரண்டும் எப்படி ‘மூதூர்’ ஆயின? முதலில் ‘மை’ என்ற ஈறு போகிறது. ‘முது + ஊர்’ மிஞ்சுகிறது. அடுத்து முதலெழுத்து நீண்டு ‘மூது + ஊர்’ ஆகிறது. மாணவர் நின்றுவிட்ட இடம் இதுதான். பின்பு ‘து’வில் உள்ள உகரம் கெட்டு, எஞ்சிய ‘த்’ அடுத்த ஊகாரத்தோடு சேர்ந்து ‘மூதூர்’ பிறக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் இம்மாற்றங்களுக்கு விதி சொல்கிறது.

மெய்யெழுத்திலும் கவனம் வேண்டும். ‘கருங்கடல்’ கருமை + கடல். ‘மை’ போனபின் ‘ங்’ புதிதாக வந்து சேர்ந்தது. ‘செந்தமிழ்’ செம்மை + தமிழ். இங்கே ‘ந்’ புதிதாக வரவில்லை, ‘செம்’மின் ‘ம்’தான் அடுத்துள்ள தகரத்துக்கு இனமாகத் திரிந்தது. ‘செவ்வானம்’ என்பதில் அதே ‘ம்’ ‘வ்’ ஆகிறது.

பிரித்த பின், முதற்பகுதி தனியே நின்று பொருள் தருகிறதா என்று பாருங்கள். பிறகு விதிப்படி சேர்த்துப் பாருங்கள். பழைய சொல் திரும்பக் கிடைத்தால் பிரித்தது சரி.