17,000 பேர் யாருக்குச் சொந்தம்?

செல்போன்களை அலசி எழுதும் அமெரிக்க நிறுவனம் போன்டாக். அங்கே எழுத்தாளராகவும் வீடியோ முகமாகவும் இருந்த நோவா கிராவிட்ஸ் 2010 அக்டோபரில் வேலையை விட்டார். அவருடைய ட்விட்டர் கணக்கின் பெயர் @PhoneDog_Noah. பின்தொடர்ந்தவர்கள் சுமார் 17,000 பேர். கணக்கை அவர் மூடவில்லை, பெயரை மட்டும் @noahkravitz என்று மாற்றிக்கொண்டார். பெயர் மாறினாலும் பின்தொடர்பவர்கள் அப்படியே இருப்பார்கள் என்பதால் அத்தனை பேரும் அவரோடு போய்விட்டார்கள்.

2011 ஜூலையில் நிறுவனம் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. தலைக்கு மாதம் இரண்டரை டாலர் என்று எட்டு மாதத்துக்கு 3,40,000 டாலர் கேட்டது. அவ்வப்போது நிறுவனத்தைப் பற்றியும் எழுதினால் போதும், கணக்கை வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னதாக கிராவிட்ஸ் தரப்பு சொன்னது. 2012 டிசம்பரில் இருவரும் சமரசமானார்கள். கணக்கு கிராவிட்ஸிடமே தங்கியது. அது யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பு வரவே இல்லை.

கணக்கைத் தொடங்கிய நாளிலேயே பேசி எழுதியிருக்க வேண்டிய விஷயம் அது. நம் ஊர்க் கடைகளில் இன்றும் அதே கதைதான். ஒரு புடவைக் கடையில் கலகலப்பாகப் பேசும் விற்பனைப் பெண் தன் போனில், தன் எண்ணைக் கொடுத்து, கடை பெயரில் இன்ஸ்டாகிராம் கணக்கு திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விலகிய பிறகு முதலாளி உள்ளே நுழைய முயன்றால், ஓடிபி அந்தப் பெண்ணின் போனுக்குத்தான் போகும். கடையின் மின்னஞ்சலிலும் கடையின் எண்ணிலும் கணக்கைத் தொடங்கியிருந்தால் இந்தச் சிக்கல் வராது. அவருடைய சொந்தக் கணக்கு அவருக்கே என்பதையும், பழைய வீடியோக்களைக் கடை தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதையும் அப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குவது இருவருக்கும் நியாயம்.

கூட்டம் கடைக்கு வருகிறதா, ஆளுக்கு வருகிறதா என்பதைக் கமெண்டுகளே காட்டிக்கொடுக்கும். “இந்தப் புடவை என்ன விலை?” என்று கேட்பவர்களைவிட “அக்கா எங்கே, இன்னைக்குக் காணோமே?” என்பவர்கள் அதிகமென்றால், இரண்டாவது முகத்தை உடனே அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அவர் விலகுவதாகச் சொன்ன பிறகு செய்தால் ஒட்டாது.

எதிர்க் கடையில் இரண்டு வருடம் சேரக் கூடாது என்று நியமன ஆணையில் எழுதி வைப்பவர்கள் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகு அந்தத் தடை பொதுவாகச் செல்லாது. வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டு போகக் கூடாது என்று கட்டுப்படுத்தலாம். பிழைப்பைத் தடுக்க முடியாது.

பிரியும்போது பல முதலாளிகள் பழைய வீடியோக்களை அழித்து, பெயரைச் சொல்பவர்களை பிளாக் செய்கிறார்கள். அது ரசிகர்களைத் தாங்களே துரத்துவதுதான். அவர் விலகுவதைக் கடையே முதலில் அறிவித்து, கடைசி வீடியோவில் புதியவரை அவர் வாயாலேயே அறிமுகம் செய்யச் சொல்லலாம். மனக்கசப்பு இல்லாதபோது பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.