கேட்காத அனுமதிக்கு 'சரி' சொல்லாதீர்கள்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று வருகிறது. இனிமேல் அலுவலகக் கணக்கில் நுழைய, போனில் வரும் 'அனுமதி' பொத்தானைத் தொட்டால் மட்டும் போதாது. கணினித் திரையில் தெரியும் இரண்டு இலக்க எண்ணைப் போனில் தட்டவும் வேண்டும். எதற்கு இந்தக் கூடுதல் வேலை?

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருடன் கையில் சிக்கியது. அவன் திரும்பத் திரும்ப நுழைய முயன்றான். ஒவ்வொரு முறையும் ஊழியரின் போன் அனுமதி கேட்டது. மறுத்துவந்தவர் கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார். திருடன் உள்ளே போய்விட்டான்.

எண்ணைக் கேட்டால் இது எளிதில் நடக்காது. எண் தெரிவது திருடனின் திரையில்; ஊழியருக்கு அது தெரியாது. சலிப்பிலோ கைதவறியோ அனுமதித்துவிட முடியாது.

ஆனால் திருடன், "ஐடி பிரிவிலிருந்து பேசுகிறேன், 47 என்று தட்டுங்கள்" என்று சொன்னால் இந்தப் பூட்டும் திறந்துவிடும். அதனால்தான் சுற்றறிக்கை மேலும் சொல்கிறது: யார் சொல்லும் எண்ணையும் தட்டாதீர்கள். நீங்கள் நுழையாதபோது அனுமதி கேட்டால், உங்கள் கடவுச்சொல் ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம். உடனே மறுத்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஐடி பிரிவை, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.