ஏழரை மணி லாகினுக்கு எத்தனை மணிக்கு கேப்?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இயங்கும் கால் சென்டர்களில் விடிவதே மாலையில்தான். குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது இங்கே இரவு 7.30. அதற்குள் ஹெட்செட்டை மாட்டி முதல் அழைப்புக்குத் தயாராகிவிட வேண்டும். எத்தனை மணிக்கு லாகின் செய்தார் என்பதை கம்ப்யூட்டரே குறித்துக்கொள்கிறது. ஆனால் அந்த நேரத்துக்கு இருக்கையில் உட்கார்வது ஊழியரைவிட, அவரை ஏற்றிவரும் கேப்பைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

பிக்கப் நேரத்தை ட்ரான்ஸ்போர்ட் டெஸ்க் பின்னாலிருந்துதான் கணக்குப் போடுகிறது. சேலையூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரும் ஒரு கேப்பை எடுத்துக்கொள்வோம். லாகின் 7.30. பை சோதனை, அடையாள அட்டை, லிஃப்டுக்கான வரிசை, கம்ப்யூட்டர் உயிர் பெறும் நேரம் எல்லாம் சேர்த்து 20 நிமிடம் ஒதுக்கினால், கேப் 7.10-க்கு அலுவலக வாசலில் நிற்க வேண்டும். மேடவாக்கத்திலிருந்து அங்கே வர 45 நிமிடம். ஆகவே மேடவாக்கத்தில் 6.25, அதற்கு முன் சந்தோசபுரத்தில் 6.15, ராஜகீழ்ப்பாக்கத்தில் 6.00, முதல் ஆளுக்கு சேலையூரில் 5.50.

தாளில் இது சரியாகத்தான் இருக்கிறது. இடிப்பது தெருவில். சேலையூர்க்காரர் கீழே இறங்கிவர 3 நிமிடம் தாமதம். ராஜகீழ்ப்பாக்கம் அடுக்குமாடியில் செக்யூரிட்டி வண்டியை உள்ளே விடவில்லை. “மேடம், கேட்டாண்ட நிக்கிறேன்” என்று ஓட்டுநர் போன் செய்ய, அவர் வேறு கேட்டில் காத்திருக்கிறார். அதில் 7 நிமிடம். சந்தோசபுரத்தில் இன்னொரு 4. வாசலில் சில நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று பல நிறுவனங்களில் விதி உண்டு. ஆனால் ஆளை விட்டுவிட்டுப் போனால் பின்னால் வரும் சண்டைக்குப் பயந்து ஓட்டுநர்கள் நின்றுவிடுகிறார்கள்.

மேடவாக்கம் வந்து சேரும்போது மணி 6.39. தாமதம் 14 நிமிடம்தானே, 20 நிமிடம் கையில் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 14 நிமிடம் பின்னால் போனவர் அதைவிட நெரிசலான சாலைக்குள் நுழைகிறார். பெரும்பாக்கம் வழியாகப் போகும் அந்தச் சாலை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் ஏற்கெனவே குறுகிக் கிடக்கிறது. 45 நிமிடப் பயணம் 55 நிமிடமாக நீள, கேப் வாசலுக்கு வரும்போது 7.34. இருக்கையில் உட்கார 7.50-ஐத் தாண்டிவிடும்.

இதில் அதிகம் அடிபடுபவர் மேடவாக்கத்துக்காரர். அலுவலகத்துக்கு மிக அருகில் இருப்பவர் அவர்; சொன்ன நேரத்துக்குத் தெருமுனையில் நின்றவரும் அவரே. மற்ற மூவரின் நிமிடங்களும் அவர் தலையில் விடிகின்றன. அவருடைய வருகைப் பதிவிலும் ‘லேட்’ என்று விழுவது அநியாயம். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்கும் நிறுவனங்கள் அவர்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்கிறது தமிழக அரசின் ஆணை. கேப்பை அனுப்புவது நிறுவனத்தின் கடமை என்றால், கேப்பின் தாமதமும் நிறுவனத்தின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். உண்மை தெரிய ட்ரிப் ஷீட் ஒன்று போதும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டும் அதில் இருந்தால், யார் வாசலில் நேரம் கரைந்தது என்று டீம் லீடருக்கே விளங்கிவிடும். பல ஷீட்டுகளில் வந்த நேரம் மட்டும்தான் இருக்கிறது.

ஆண்டுதோறும் இந்தக் கணக்கு மொத்தமாகக் குழம்பும். நவம்பர் முதல் ஞாயிறு அன்று அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும், இந்தியா தள்ளாது. அதுவரை 6.30-ஆக இருந்த லாகின் திங்கள் முதல் 7.30 ஆகிவிடும். ரோஸ்டரில் எல்லாப் பிக்கப்பையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். சேலையூரில் 5.00 என்றிருந்தது 6.00 ஆகும். ஆனால் பழைய நேரத்தில் மேடவாக்கம் தாண்டி 35 நிமிடத்தில் ஓடிய வண்டி, இப்போது அலுவலகம் விட்டு வீடு திரும்பும் கூட்டத்துக்குள் ஓட வேண்டும். அதற்குத்தான் அந்த 45 நிமிடம். ஆக, கேப் தள்ளிப் போக வேண்டியது 60 நிமிடம் அல்ல, 50 நிமிடம்தான்.

அதே நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் உச்சத்தில் இருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் நல்ல மழை பெய்தால் தண்ணீர் வடிய நேரமாகும். அனுபவமுள்ள ட்ரான்ஸ்போர்ட் பொறுப்பாளர்கள் மழை நாட்களில் பிக்கப்பை இன்னும் 15 நிமிடம் முன்னே இழுப்பதோடு, ஒரு கேப்புக்கு நான்கு பேர் என்பதை மூன்றாகவும் குறைத்துவிடுகிறார்கள்.