‘அப்புறம்…’ என்று இழுத்தால் காத்திருங்கள்

முழங்கால் வலிக்காக ஓர் அம்மா டாக்டரிடம் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபதை நெருங்கும் வயது. “ஒரு மாசமா முழங்கால் வலி டாக்டர். மாடி ஏற முடியல. அப்புறம்…” என்று இழுக்கிறார். வெளியே வரிசை நீண்டிருக்கிறது. “எந்தக் கால்மா?” என்கிறார் டாக்டர். வலது கால். வீக்கம் உண்டா? லேசாக. உட்கார்ந்து எழுந்தால் வலிக்கிறதா? ஆமாம். ஐந்து நாளைக்கு வலி மாத்திரை எழுதியாயிற்று. சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்புகிறார்: “டாக்டர், ராத்திரி படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு தலையணை வெச்சாத்தான் தூங்க முடியுது.”

இந்த ஒரு வாக்கியம் முன்பு சொன்ன எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. படுத்தால் மூச்சு முட்டுவதும், தலையை உயர்த்தி வைத்தால் தணிவதும் இதயம் பலவீனமாகிவருவதன் அடையாளமாக இருக்கலாம். மாடி ஏற முடியாததற்கும் காலின் வீக்கத்திற்கும்கூட மூட்டு மட்டும் காரணமாக இல்லாமல் போகலாம். அதைவிட முக்கியமானது, சீட்டில் எழுதப்பட்ட மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். இதயம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் அது ஆபத்து. கதவருகே திரும்பாமல் அவர் போயிருந்தால் அந்த மாத்திரையோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார்.

காட்சி கற்பனைதான். ஆனால் அதில் நடப்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. அமெரிக்காவில் 1990களில் மருத்துவர்–நோயாளி உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு சந்திப்பில், விடைபெறும் நேரத்தில்தான் நோயாளி புதிய தொந்தரவு ஒன்றைச் சொன்னார் என்று தெரிந்தது. ‘கடைசி நேரத்தில் சொல்கிறார்களே’ என்று மருத்துவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. நம் காட்சியில் அந்த அம்மா கடைசி நேரத்திலா சொன்னார்? தொடக்கத்திலேயே சொல்ல வாயெடுத்தார். ‘அப்புறம்’ என்ற சொல் அதற்காக வந்ததுதான்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு வரும் இடைவெளி ஏன் வேறுவகையானது என்பதைப் புரிந்துகொள்ள, நாம் பேசும்போது முறை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். 1974இல் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். பேசுகிறவரின் வாக்கியம் முடிந்தாற்போல் ஒலிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்தவர் பேச்சை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்டு சொன்ன விதி. ‘மாடி ஏற முடியல’ என்பது அப்படிப்பட்ட இடம். அங்கே நின்று மூச்சு வாங்கினால் பேச்சு கைமாறிவிடும்.

கைமாறும் வேகம் வியப்பானது. 2009இல் டான்யா ஸ்டிவர்ஸும் சகாக்களும் பத்து மொழிகளில், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தார்கள். சராசரி ஏறத்தாழ 200 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி சிறிய வேறுபாடு இருந்தது. ஜப்பானியர்கள் விரைவாகவும் டேனிஷ் மொழிக்காரர்கள் சற்று நிதானமாகவும் பதில் சொன்னார்கள். ஆனால் நீண்ட நேரம் காத்திருக்கும் மொழி என்று எதுவுமே அந்தப் பத்தில் இல்லை.

இதில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்ல, அந்த ஒற்றைச் சொல்லை நாவுக்குக் கொண்டுவர, மூளைக்கு ஏறக்குறைய 600 மில்லி நொடி தேவைப்படுகிறது. ஒரு முழு வாக்கியத்துக்கு இன்னும் கூடுதல். அப்படியிருக்க 200 மில்லி நொடியில் பதில் எப்படி வருகிறது? எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்பதுதான் விடை. வாக்கியம் எங்கே முடியும் என்று முன்கூட்டியே கணித்து, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, முடிந்த கணத்தில் நுழைகிறோம். பேச்சு தடையின்றி ஓடுவது இதனால்தான். ஆனால் கேட்கிறவரிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக நிற்கிறது, பேசுகிறவரிடம் அடுத்த வாக்கியம் தயாராக இல்லாதபோதும்கூட. சங்கடம் இங்கேதான்.

அதற்குப் பேசுகிறவர் செய்யும் தந்திரம்தான் ‘அப்புறம்’. சொல்ல வேண்டியது இருக்கிறது, அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் கூடவில்லை. வாக்கியம் முடிந்த இடத்தில் நின்று யோசித்தால் வாய்ப்பு போய்விடும். எனவே அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் அவசரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகு நின்று யோசிக்கிறார். நிறுத்தத்தை, தன் பிடி தளராத இடத்துக்குத் தள்ளிக்கொள்கிறார். ஷெக்லாஃப் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: வாக்கியம் முடியும் இடத்தில் மூச்சு வாங்காமல், இலக்கணப்படி எதுவும் முடியாத இடம் வரை பேச்சை ஓட்டிச்சென்று அங்கே நிற்பது பேசுகிறவர்களின் வழக்கம். ‘மாடி ஏற முடியல’ என்பதற்குப் பின் வரும் ஒரு நொடி யாருக்கும் சொந்தமில்லை. ‘அப்புறம்’ என்பதற்குப் பின் வரும் ஒரு நொடி அவருடையது.

தமிழில் இந்த வேலையைச் செய்ய இன்னும் வசதியான கருவிகள் இருக்கின்றன. நம் வாக்கியத்தில் முற்றுவினை கடைசியில் வருகிறது. அதுவரை வரும் வினையெச்சங்கள் எல்லாம், இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே போகின்றன. “ராத்திரி இருமல் வந்து… எழுந்து உட்கார்ந்தாலும்…” என்று ஒருவர் நிறுத்தினால், எழுந்து உட்கார்ந்தாலும் என்ன ஆகிறது என்பது பாக்கி நிற்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, காத்திருப்பது வேறு. “சரி, இருமல் எத்தனை நாளா?” என்று நுழைகிறவர் ‘இருமல்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். வாக்கியம் இன்னும் வரவில்லை.

எல்லா இழுவையும் தொடர்வதற்கான அறிகுறியா என்றால், இல்லை. “ஒரு நாள் லீவு கிடைச்சா…” என்று மேலாளரிடம் இழுப்பவர் மேலே பேசப்போவதில்லை. மீதியை அவர் வாயால் சொல்லட்டும் என்று பேச்சை ஒப்படைக்கிறார். தொலைபேசியில் “அப்புறம்?” என்று குரலை உயர்த்துபவரும் உங்களைத்தான் பேசச் சொல்கிறார். அங்கே மௌனமாகக் காத்திருந்தால் இருவரும் தவித்துப்போவார்கள்.

இந்த இரண்டையும் காது எப்படிப் பிரித்தறிகிறது என்பதை இங்கிலாந்தின் ஒலியியலாளர்கள் ஜான் லோக்கல், ஜான் கெல்லி இருவரும் 1986இல் ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆங்கிலப் பேச்சு. வாக்கியத்தின் நடுவில் வரும் இணைப்புச் சொற்களுக்குப் பின் உள்ள மௌனங்களைக் கூர்ந்து கேட்டார்கள். தொடரப்போகிறவர் அந்தச் சொல்லின் முடிவில் தொண்டையை இறுக்கி, காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தார். அடுத்த சொல் வரும்வரை அந்தப் பிடி நீடித்தது. ஒப்படைக்கிறவரின் குரலோ தேய்ந்தது, வேகம் குறைந்தது, சொல் முடிந்ததும் மூச்சு கேட்கும்படி வெளியேறியது. எழுத்தில் இரண்டுக்கும் மூன்று புள்ளிதான் வைக்கிறோம். காதுக்கு அவை வெவ்வேறு. தமிழுக்கும் இதே ஒலிக்குறிகள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிடித்து வைத்த மூச்சா, விட்டுவிட்ட மூச்சா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

கண்ணும் உதவுகிறது. சொல்லைத் தேடுகிறவர் பார்வையைக் கூரைக்கோ மேசைக்கோ திருப்புகிறார். முடிக்கிறவர் கேட்பவரின் முகத்துக்குத் திரும்புகிறார். உரையாடலில் பார்வையின் போக்கை ஆடம் கெண்டன் 1967இலேயே எழுதிவிட்டார். மருந்துச் சீட்டிலோ கணினித் திரையிலோ கண்ணை வைத்திருக்கும் மருத்துவருக்கு இந்தத் தடயம் கிடைப்பதே இல்லை.

‘ஒவ்வொருவரையும் பேசவிட்டால் நாள் போதாது’ என்பது மருத்துவர்களின் நியாயமான கவலை. நாற்பது பேர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கவலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. 1984இல் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃப்ராங்கெல் இருவரும் 74 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். முதல் குறையைச் சொன்ன உடனே அதைப் பற்றிய கேள்வி வந்தது, மற்ற குறைகள் அப்படியே நின்றுபோயின. பேசவிடப்பட்டவர்களோ பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்கள், யாருமே இரண்டரை நிமிடத்தைத் தாண்டவில்லை. 1999இல் நடந்த இன்னோர் ஆய்வு இதைவிடத் துல்லியம்: முழுதாகச் சொல்லி முடித்தவர்கள், இடையில் திருப்பிவிடப்பட்டவர்களைவிட எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் சராசரியாக 6 நொடி.

ஆறே நொடி! நம் காட்சியில் மூச்சு முட்டுவதைச் சொல்ல அவ்வளவுகூடத் தேவைப்படாது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? சாதாரண ஆங்கில உரையாடலில் ஒரு நொடியைத் தாண்டும் மௌனமே பொறுக்க முடியாததாகிவிடுகிறது என்று ஜெஃபர்சன் கண்டார். நம் உள்ளுணர்வு ‘பேசு’ என்று உந்தும் நேரம் அதுதான். எனவே உள்ளுணர்வை நம்பினால் ‘அப்புறம்’ காரர் தோற்றுப்போவார். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட பிறகும் மாணவர் பேசி நிறுத்திய பிறகும் ஆசிரியர்கள் ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அளந்து, அதை 3 நொடியாக்கச் சொன்னார். மாணவர்களின் பதில்கள் பல மடங்கு நீண்டன. மூன்று நொடி காகிதத்தில் சிறிது. நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கையில் அது மிக நீளமாகத் தோன்றும். அதற்காகவே மனத்துக்குள் எண்ணிக்கொள்வது நல்லது.

காத்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கதை கேட்கும்போது நாம் ‘ம்’ கொட்டுகிறோமே, அதுவே போதும். ‘ம்’ பேச்சைப் பறிப்பதில்லை, நீயே தொடர் என்கிறது. ‘சரி’ அப்படியல்ல. மருத்துவரின் அறையில் ‘சரி’ என்பது, அந்த விஷயம் முடிந்தது, அடுத்ததற்குப் போவோம் என்று ஒலிக்கும். கேட்கும் விதமும் முக்கியம். ஜான் ஹெரிடேஜ் குழு 2007இல், இன்னும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று எண்ணிக் கேட்கும் கேள்வியையும், ஏதாவது இருந்தால் சொல் என்ற தொனியில் கேட்கும் கேள்வியையும் ஒப்பிட்டது. முதல் வகையில் கேட்டபோது, சொல்லப்படாமல் நின்ற குறைகள் 78 விழுக்காடு குறைந்தன. சந்திப்பின் நேரம் கூடவில்லை. நம் வழக்கில் “வேற ஒண்ணும் இல்லையே?” என்பதை விட்டு “வேற என்ன பண்ணுது, சொல்லுங்க” என்று கேட்பது அதற்கு நெருக்கமானது.

இது மருத்துவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இல்லை. பெற்றோரை டாக்டரிடம் அழைத்துப்போகும் மகனும் மகளும்தான் பல நேரம் முதலில் குறுக்கிடுகிறார்கள். அம்மா சொல்லைத் தேடும்போது பொறுக்க முடியாமல் வாக்கியத்தைத் தாங்களே முடித்துவிடுகிறார்கள். அவர்கள் அறிந்த குறையைத்தான் முடிக்க முடியும், அம்மா இன்னும் யாரிடமும் சொல்லாததை முடிக்க முடியாது. அடுத்த முறை துணைக்குப் போகும்போது, அவர் ‘அப்புறம்…’ என்று இழுத்தால் நீங்கள் பேசாதீர்கள். டாக்டர் நுழைந்துவிட்டால், “அம்மா இன்னும் முடிக்கல டாக்டர்” என்று மட்டும் சொல்லுங்கள்.