டைல்ஸா, கிரானைட்டா? வெயில் ஊரில் தரை போடும் முன்

புது வீட்டுக்குத் தரை தேர்வு செய்யும்போது பலரும் முதலில் கேட்பது, "எது ஜில்லென்று இருக்கும்?" என்பதுதான். மதுரை, வேலூர் போன்ற ஊர்களில் அது நியாயமான கேள்வி. கிரானைட் கல், கால் வைத்ததும் நம் உடல் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் விட்ரிஃபைட் டைல்ஸைவிடச் சற்றுக் குளுமையாகத் தெரியும். ஆனால் இந்த வித்தியாசம் சிறியது. தரைத்தளத்தில் குளுமையைத் தருவது அடியில் இருக்கும் மண். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலோ சூடு கூரை வழியாக இறங்குகிறது. அங்கே எந்தத் தரை போட்டாலும் புழுக்கம் குறையாது. அந்தப் பணத்தை மாடித் தளத்தில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கச் செலவிடலாம். வெயில் நேராக விழும் திண்ணைக்கு மட்டும் கறுப்பு கிரானைட் வேண்டாம். மதியத்தில் அதில் கால் வைக்க முடியாது.

உண்மையான வித்தியாசம், இரண்டும் தரையில் எப்படி ஒட்டி நிற்கின்றன என்பதில் இருக்கிறது. விட்ரிஃபைட் டைல் என்பது களிமண்ணும் கல் பொடிகளும் சேர்த்து அழுத்தி, சுமார் 1,200 டிகிரி சூட்டில் சுட்டது. அது தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. கறை பிடிக்காததற்குக் காரணம் அதுதான். அதே காரணத்தால் சிமென்ட் பாலும் அதைச் சரியாகப் பற்றுவதில்லை.

புது வீட்டில் காங்கிரீட்டும் அடிக்கலவையும் காயக் காயச் சுருங்கும். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சுருங்கினால், 14 அடி நீள ஹாலில் அது 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். மேலே இருக்கும் டைல்ஸ் சுருங்காது. கோடையில் கொஞ்சம் விரியவும் செய்யும். இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்திருந்தால், ஒன்றையொன்று நெருக்கி, ஒருநாள் பட்டென்ற சத்தத்தோடு நடுவில் கூடாரம் போல எழும்பிவிடும். "தரமில்லாத டைல்ஸ்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் குறை பதித்த விதத்தில்தான் இருக்கும்.

அதைத் தவிர்க்க மூன்று காரியங்கள் போதும். ஸ்பேசர் வைத்து 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பிறகு க்ரவுட் நிரப்பச் சொல்லுங்கள். சுவரோரம் அரை சென்டிமீட்டர் இடம் விடட்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். சிமென்ட் பாலுக்குப் பதில் டைல் பசையைப் பல் கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுத்துப் பூச வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்துவது கூடாது. பதித்த கையோடு ஒரு டைலைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், முழுவதும் பசை ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்து நாணயத்தால் தட்டும்போது 'டொக் டொக்' என்று வெற்றோசை கேட்கும் டைல்களை, பாக்கிப் பணம் கொடுக்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

கிரானைட்டில் இந்தத் தொல்லை அரிது. 18 மில்லிமீட்டர் கனமுள்ள கல் சதுர அடிக்கு நாலரை கிலோ இருக்கும். அடிப்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் கலவையும் நன்றாகப் பற்றும். ஆனால் கல் இயற்கையானது, நுண்துளை உள்ளது. அடியில் ஈரம் தேங்கினால் வெளிர் நிறக் கல்லில் கருமையான திட்டுகள் தெரியும். கல்லில் இரும்புச்சத்து இருந்தால் துருக்கறையும் வரும். மங்கலான கல்லுக்குச் சாயம் ஏற்றி நல்ல கறுப்பாக விற்பதும் உண்டு. அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால், சாயம் துணியில் ஒட்டும். கல்லும் கலவையும் சேர்ந்து இரண்டரை, மூன்று அங்குலம் உயரும் என்பதால், வாசற்கால் நிறுத்தும் முன்பே கிரானைட்டா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

இனி செலவு. தரைப்பரப்பு 500 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸ் சதுர அடி 60 ரூபாய், சேதாரம் 8 சதவீதம் என்றால், 540 சதுர அடிக்கு 32,400 ரூபாய். கிரானைட் 120 ரூபாய், வெட்டுச் சேதாரம் 15 சதவீதம் என்றால், 575 சதுர அடிக்கு 69,000 ரூபாய். வித்தியாசம் 36,600. பதிக்கும் கூலியும் ஓரம் மழிக்கும் கூலியும் கிரானைட்டில் கூடுதல். ஊரையும் ரகத்தையும் பொறுத்து விலை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

சிறிய வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்: அறைகளில் இரட்டை அடுக்கான 'டபுள் சார்ஜ்' டைல்ஸ். அதில் நிறம் மேலே 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இருப்பதால், கீறல் பட்டாலும் உள்ளே வேறு நிறம் தெரியாது. படி, வாசற்படி, சமையல் மேடைக்கு மட்டும் கிரானைட். அங்கே ஓரத்தை உருட்டி மழிக்க முடியும், டைலில் அது முடியாது. குளியலறைக்கு இரண்டின் பளபளப்பும் ஆகாது, வழுக்காத மேட் டைல்ஸ் வாங்குங்கள். டைல்ஸ் பெட்டிகளில் அச்சிட்ட பேட்ச் எண் எல்லாவற்றிலும் ஒன்றா என்று பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துவையுங்கள். பிறகு ஒரு டைல் உடைந்தால், அதே நிறம் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.